‘முடிச்சுட்டேன்’ என்று சொல்வதற்கு முந்தைய பத்து நிமிடம்: லைவ் கோடிங் ரவுண்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சில வருடங்களாக லைவ் கோடிங் ரவுண்டுகளில் கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். வழியைச் சரியாகப் பிடித்து, இருபது நிமிடத்தில் எழுதியும் முடித்து, ‘முடிச்சுட்டேன் சார்’ என்று சாய்ந்து உட்காரும் பையன்களையும் பெண்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் சாயும்போது என் கண் பெரும்பாலும் ஏதோ ஒரு வரியில் மாட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்த வரியை அவர்களே பிடித்திருப்பார்கள்.

நான் அடிக்கடி கேட்கும் ஒரு கணக்கை வைத்தே எல்லாக் குறிப்புகளையும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு மீட்டிங் ரூம். அதைக் கேட்டு வந்த நேரங்கள் வரிசை இல்லாமல் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற நேரங்களைச் சேர்த்து, ரூம் எப்போதெல்லாம் பூட்டிக் கிடக்கும் என்று பட்டியல் தர வேண்டும். `[[15,16],[9,11],[10,13]]` கொடுத்தால் `[[9,13],[15,16]]` வர வேண்டும். வழக்கமாக வருகிற விடை இது:

```python
def merge(intervals):
    intervals.sort()
    result = []
    start, end = intervals[0]
    for s, e in intervals[1:]:
        if s < end:
            end = e
        else:
            result.append([start, end])
            start, end = s, e
    result.append([start, end])
    return result
```

நான் கொடுத்த சாம்பிளுக்கு இது சரியான விடை தரும். ஆனாலும் இதற்குள் ஒரு பெரிய தப்பு இருக்கிறது, ஒரு சின்னத் தப்பு இருக்கிறது, கேட்டுத் தெளிந்திருக்க வேண்டிய சந்தேகம் ஒன்றும் இருக்கிறது. கீழே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நீங்களே தேடிப் பாருங்கள்.

1. நேரத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். 45 நிமிட ரவுண்டு என்றால் 35ஆவது நிமிடத்தில் கோட் எழுதி முடிந்திருக்க வேண்டும். முடியாது போலிருந்தால், இன்னும் வேகமான வழியைத் தேடுவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் வழியை முழுமையாக எழுதுங்கள். கடைசி வரியை அடித்ததும் ‘முடிச்சுட்டேன்’ என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, ‘ஒரு நிமிஷம் சார், கையால ஓட்டிப் பாத்துடறேன்’ என்று சொல்லுங்கள். இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. முடிந்தது என்று நீங்கள் சொன்ன பிறகு நான் காட்டுகிற தப்பு நான் கண்டுபிடித்ததாகிவிடும். சொல்வதற்கு முன் நீங்கள் பிடித்தால், அதே தப்பு உங்கள் பெயருக்கு வரவாக எழுதப்படும். என் குறிப்புத் தாளில் இரண்டும் வேறு வேறு இடத்தில்தான் போய் உட்காரும்.

2. எட்ஜ் கேஸை நினைவிலிருந்து தேடாதீர்கள், எழுதிய வரிகளிலிருந்து பொறுக்குங்கள். நிறையப் பேர் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்: காலி லிஸ்ட், ஒரே உறுப்பு, மைனஸ் எண், பூஜ்யம், ரொம்பப் பெரிய லிஸ்ட். எந்தக் கேள்வி கேட்டாலும் இதே ஐந்தையும் ஒப்பிப்பார்கள். மேலே உள்ள கோடில் மைனஸ் எண் கொடுத்தால் எந்த வரி வேறுமாதிரி நடந்துகொள்ளும்? ஒன்றும் இல்லை. வெறும் ஒப்பிடுதல்தான் நடக்கிறது, மைனஸானாலும் பிளஸானாலும் அதற்கு ஒன்றே. ஆகவே அந்த டெஸ்டுக்குச் செலவிடும் நிமிடம் வீண்.

அதற்குப் பதிலாக மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் போய், ‘இந்த வரி எதை நம்பி நிற்கிறது?’ என்று கேளுங்கள். `intervals[0]` என்ற வரி, லிஸ்டில் ஒன்றாவது இருக்கும் என்று நம்புகிறது. அப்படியானால் காலி லிஸ்ட் ஒரு கேஸ். `s < end` என்பது ஒரு ஒப்பீடு. ஒப்பீடு எங்கே இருந்தாலும் அங்கே மூன்று கேஸ் இருக்கிறது: சிறியது, பெரியது, சமம். முதல் இரண்டும் சாம்பிளிலேயே வந்துவிட்டன, சமம் வரவில்லை. `end = e` என்பது பழைய மதிப்பை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. அழித்து எழுதுகிற எந்த வரியையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பேன். புதியது பழையதைவிட எப்போதும் நல்லதுதானா? `e` பழைய `end`ஐவிடச் சிறியதாக இருந்தால்? கடைசியில் லூப்புக்கு வெளியே ஓர் `append` இருக்கிறது. லூப் ஒரு தடவைகூடச் சுற்றாவிட்டாலும் அது சரியாக வேலை செய்கிறதா? இதற்கு ஒரே உறுப்புள்ள லிஸ்ட் போதும்.

நான்கு வரிகள் நான்கு கேஸ்களைத் தந்துவிட்டன. நாற்பது கேஸ் தேவையில்லை.

3. ஓட்டுவதற்கு முன் எதிர்பார்க்கும் விடையை எழுதிவிடுங்கள். கோடைப் பார்க்காமல், கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். `e` சிறியதாக வரும் கேஸுக்கு `[[9,17],[10,11],[12,13]]` எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ரூமைப் பிடித்திருக்கிறார். மற்ற இருவர் கேட்டது அதற்குள் அடங்கிப்போகிறது. விடை `[[9,17]]`. இதை எடிட்டரில் கமென்ட்டாக அடித்துவிடுங்கள். எழுதாமல் மனசில் வைத்துக்கொண்டால், கோட் தருகிற விடையைப் பார்த்ததும் ‘ஆமாம், இதுதானே வரணும்’ என்று மனசு வளைந்து கொடுத்துவிடும். நம் கைப்பட எழுதிய கோடுமேல் நமக்கு அவ்வளவு பாசம். திரையில் எழுதியது வளையாது.

4. மதிப்புகளை அட்டவணை போட்டு ஓட்டுங்கள். டிரை ரன் என்ற பெயரில் பலர் செய்வது கதை சொல்வது: ‘முதல்ல சார்ட் ஆகும், அப்புறம் லூப்புல ஒவ்வொண்ணா எடுத்து, ஓவர்லாப் ஆனா மெர்ஜ் பண்ணும், இல்லேன்னா ரிசல்ட்ல போடும்.’ இது கோட் என்ன செய்ய வேண்டும் என்கிற கதை. என்ன செய்கிறது என்பது இதில் எங்கேயும் இல்லை. மாறுகிற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பத்தி போட்டு, லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். கமென்ட் பகுதியில் இப்படி அடித்தால் போதும்:

```
s,e      start,end    result
-        9,17         []
10,11    9,11         []
12,13    12,13        [[9,11]]
return                [[9,11],[12,13]]
```

இரண்டாவது வரியைப் பாருங்கள். `10 < 17`, ஆகவே `if`க்குள் போகிறோம். அங்கே `end = e`. மாலை ஐந்துவரை பூட்டியிருந்த ரூம் ஒரே வரியில் பதினொன்றுக்குத் திறந்துவிட்டது. அடுத்த சுற்றில் `12 < 11` இல்லை, ஆகவே `else`. `[9,11]` விடையில் போய் விழுகிறது, 12-13 தனியாக நிற்கிறது. வரவேண்டியது `[[9,17]]`, வந்தது `[[9,11],[12,13]]`. மேலே சொன்ன பெரிய தப்பு இதுதான். இந்தக் கோடைப் பார்த்து ‘சரியாத்தான் தெரியுது’ என்று சொன்னவர்கள், அட்டவணை போட்டதும் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள். எழுதிக்கொண்டே வரும்போது 17 என்ற எண்ணை அழித்து 11 என்று நம் கையே போட வேண்டியிருக்கிறது அல்லவா, அங்கே உறைத்துவிடும்.

அட்டவணையில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு சுற்றை முடிக்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். மதிப்பு மாறவில்லை என்றாலும் திரும்ப எழுதுங்கள். காலியாக விட்ட கட்டத்தை அடுத்த சுற்றில் மனசு தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடும்.

5. நீங்கள் எழுதியதைப் படிக்கிறீர்களா, எழுத நினைத்ததைப் படிக்கிறீர்களா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். போலி டிரை ரன்னுக்குச் சில அடையாளங்கள் உண்டு. கர்சர் ஒரே இடத்தில் நிற்கும், வாய் மட்டும் ஓடும். நடுவில் எண்களே வராமல் நேரே கடைசி விடை வந்துவிடும். ‘இது மெர்ஜ் ஆயிடும்’ போன்ற வினைச்சொற்கள் வரும், ‘`end` இப்போ 11’ போன்ற வாக்கியங்கள் வராது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முதல் வரிக்குத் திரும்பிவிடுங்கள். கர்சரை வரி வரியாக நகர்த்திக்கொண்டே, குறிகளை வாய்விட்டுப் படிப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. ‘சிறியது’ என்று படிக்க வேண்டிய இடத்தில் ‘சிறியது அல்லது சமம்’ என்று வாய் தானாகப் படித்தால், உங்கள் மனசில் இருந்தது ஒன்று, கை அடித்தது வேறொன்று என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

6. எட்ஜ் கேஸ் மாதிரியே தோன்றும், ஆனால் எதையும் பிடிக்காத டெஸ்டும் உண்டு. போன வருடம் ஒரு பெண் இதே கோடை எழுதிவிட்டு, ‘ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற கேஸையும் பாத்துடறேன்’ என்றாள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அவள் எடுத்த உள்ளீடு `[[9,17],[9,10]]`. பொறுமையாக ஓட்டினாள், சரியான விடை `[[9,17]]` வந்தது. அடங்கும் கேஸ் தேறிவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விட்டாள்.

என்ன நடந்தது? பைத்தானில் `sort()` முதல் எண் சமமாக இருந்தால் இரண்டாவது எண்ணைப் பார்த்து அடுக்கும். ஆகவே லூப்புக்குள் வருவதற்கு முன்பே வரிசை `[[9,10],[9,17]]` என்று மாறிவிட்டது. சிறியது முன்னால், பெரியது பின்னால். `end = e` என்ற தப்பான வரி 10ஐ அழித்து 17ஐப் போட்டுத் தற்செயலாகச் சரியானதைச் செய்துவிட்டது. தப்பு வெளியே வர வேண்டுமென்றால், பெரியது கண்டிப்பாக முன்னால் நிற்க வேண்டும். அதற்குத் தொடக்க நேரமே சிறியதாக இருக்க வேண்டும்: `[[9,17],[10,11]]`.

ஆகவே டெஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேஸுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதாது. சந்தேகப்படும் வரிக்கு, சந்தேகப்படும் மதிப்புகளோடு அது போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். இங்கே அந்த வரி `end = e`. சந்தேகம், `e` சிறியதாக இருக்கும்போது. அட்டவணையில் அப்படி ஒரு தருணம் வரவே இல்லை என்றால் அந்த டெஸ்ட் செய்யப்படவே இல்லை. அந்தப் பெண் மற்ற எல்லாவற்றையும் நன்றாகத்தான் செய்தாள். அவள் டிரை ரன் செய்ததே எனக்குப் பெரிய விஷயம், அடுத்த ரவுண்டுக்கு அனுப்பினேன்.

7. உள்ளீடு சின்னதாக இருக்கட்டும், மூன்று உறுப்புக்கு மேல் வேண்டாம். பத்து உறுப்பு வைத்து ஓட்டினால் நான்காவது சுற்றில் கவனம் சிதறிவிடும். சில தப்புகள் சின்ன உள்ளீட்டில்தான் உடனே வெளியே வரும். பைனரி சர்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். `x`ஐவிடப் பெரிதாகாத எண்களில் கடைசியாக வருவது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடும் பகுதி இது:

```python
lo, hi = 0, len(nums) - 1
while lo < hi:
    mid = (lo + hi) // 2
    if nums[mid] <= x:
        lo = mid
    else:
        hi = mid - 1
```

`[4,7,9]`, `x` 5 என்று ஓட்டினால், `mid` 1, 7 பெரியது, `hi` 0 ஆகிறது, லூப் முடிகிறது. விடை சரி. இதையே `[4,9]`, `x` 5 என்று இரண்டே உறுப்போடு ஓட்டுங்கள். `lo` 0, `hi` 1. `mid` 0. 4 சிறியது, ஆகவே `lo = mid`, அதாவது மறுபடியும் 0. அட்டவணையின் இரண்டாவது வரி முதல் வரியைப் போலவே இருக்கிறது. ஒன்றும் நகரவில்லை, இனி நகரப்போவதும் இல்லை. லூப் முடிவில்லாமல் சுற்றும். `mid`ஐ `(lo + hi + 1) // 2` என்று மாற்றினால் இரண்டு உறுப்பிலும் ஏதாவது ஒரு முனை நகர்ந்தே தீரும். `while` போட்ட எந்தக் கோடையும் இரண்டு உறுப்பு வைத்து ஒருமுறை ஓட்டுவது என் வழக்கம். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒன்றுபோல் வந்தால் மேலே ஓட்டத் தேவையில்லை, தப்பு கையில் கிடைத்துவிட்டது.

8. தப்பு கிடைத்தால் உடனே விரலை விசைப்பலகையில் வைக்காதீர்கள். முதலில் வாயால் சொல்லுங்கள்: ‘உள்ளே அடங்கற மீட்டிங் வந்தா `end` குறைஞ்சு போகுது. குறையவே கூடாது. ரெண்டுல பெரியதை எடுக்கணும்.’ சொல்லி முடிக்கும்போதே திருத்தம் ஒரே வரிதான் என்று தெரிந்துவிடும்:

```python
            end = max(end, e)
```

சொல்லாமல் திருத்தப் போனவர்கள் எழுதிய திருத்தங்களை என்னென்ன விதமாகவோ பார்த்திருக்கிறேன். `if`க்குள் இன்னொரு `if`, அதற்குள் ஒரு `continue`, அடங்கும் கேஸுக்காகத் தனியாக ஒரு கொடி. சில வேலை செய்யும், ஆனால் ஓட்டிப் பார்க்க வேண்டிய வரிகள் இரட்டிப்பாகிவிடும்.

திருத்திய பின் இரண்டு ஓட்டம் பாக்கி இருக்கிறது. தோற்ற டெஸ்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். பழைய அட்டவணையின் நடுவில் ஓர் எண்ணை அழித்து மாற்றாதீர்கள், புது அட்டவணை போடுங்கள். `end` இப்போது 17லேயே நிற்கும், அடுத்த சுற்றில் `12 < 17` என்பதால் சேரும், மறுபடியும் 17, கடைசியில் `[[9,17]]`. அதன் பிறகு முதலில் கொடுத்த சாம்பிளையும் ஒருமுறை ஓட்டுங்கள். அது முன்பே தேறியதுதான், ஆனால் அப்போது தேறியது பழைய கோட். 11க்கும் 13க்கும் பெரியது 13, பிறகு 15-16 தனி, `[[9,13],[15,16]]`. சரி.

காலி லிஸ்டுக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை. `intervals[0]` அங்கே `IndexError` கொடுக்கும். அடுத்திருக்கும் `intervals[1:]` பைத்தானில் காலி லிஸ்டுக்கும் சத்தமில்லாமல் காலியையே தரும், அதில் சிக்கல் இல்லை. முதலில் `if not intervals: return []` என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நகருங்கள். ஒரே உறுப்பென்றால் லூப் சுற்றாது, கடைசி `append` அதைப் போட்டுவிடும். இந்த இரண்டையும் வாயால் சொன்னாலே போதும், அட்டவணை வேண்டாம். நிறையப் பேர் இந்த எளிய இரண்டுக்கும் ஐந்து நிமிடம் செலவழித்துவிட்டு, உண்மையான தப்பு இருக்கும் கேஸுக்கு வரும்போது நேரம் முடிந்து நிற்கிறார்கள்.

9. சமம் என்ற கேஸ் வந்தால் கேளுங்கள். `[[9,11],[11,12]]`. ஒரு மீட்டிங் பதினொன்றுக்கு முடிகிறது, அடுத்தது பதினொன்றுக்குத் தொடங்குகிறது. நம் கோட் இவற்றைத் தனித்தனியாக வைக்கும், ஏனென்றால் `11 < 11` இல்லை. இது தப்பா, சரியா? கோடைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, கேள்வி கேட்டவர்தான் சொல்ல வேண்டும். ரூம் தொடர்ந்து பூட்டியிருக்கும் நேரம் வேண்டுமென்றால் சேர்க்க வேண்டும், `<=` போட வேண்டும். உண்மையிலேயே மோதிக்கொள்ளும் மீட்டிங்குகளை மட்டும் சேர்க்க வேண்டுமென்றால் `<` சரி. கேள்வியைக் கேட்டவுடனேயே இதை விசாரித்திருந்தால் மிகவும் நல்லது. விட்டுப்போயிருந்தால் இப்போது கேட்பதில் வெட்கமில்லை. முடிவு நேரம் தொடக்க நேரத்தைவிடச் சிறியதாக வருமா என்பதும் இப்படிக் கேட்க வேண்டியதுதான். வராது என்றால் ஒரு கமென்ட்டில் எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

10. ‘இந்த உள்ளீட்டுக்கு என்ன வரும்?’ என்று எதிரில் இருப்பவர் கேட்டால், உடனே கோடை மாற்றாதீர்கள். அது அநேகமாக ஒரு தப்பைக் காட்டும் குறிப்புதான். எப்போதும் அப்படி அல்ல. சில சமயம் நீங்கள் உங்கள் கோடைப் புரிந்துதான் எழுதினீர்களா என்று தெரிந்துகொள்ளவே கேட்போம். ஒருமுறை முற்றிலும் சரியாக இருந்த ஒரு வரியைப் பற்றி ஒரு பையனிடம் இப்படிக் கேட்டேன். ‘ஓ, சாரி சார்’ என்று `<`ஐ `<=` ஆக்கினான். ஏன் என்றேன். மறுபடி `<` ஆக்கினான். நான் கேட்டது ஒரு எண்ணை. அவன் கொடுத்திருக்க வேண்டியதும் ஒரு எண்ணைத்தான். கேள்வி வந்தால் அட்டவணையைத் திறந்து அந்த உள்ளீட்டை ஓட்டி, வந்த விடையைச் சொல்லுங்கள். தப்பா சரியா என்று அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

11. கையால் ஓட்டுவது பிடிக்காத தப்புகளும் இருக்கின்றன, அவற்றைத் தனியே பார்க்க வேண்டும். மூன்று உறுப்பு வைத்து எத்தனை அட்டவணை போட்டாலும் எண் பிதுங்கி வழிவது தெரியாது. இதற்குப் பேர்போன கதை பைனரி சர்ச்சுடையதுதான். ஜாவாவோடு வரும் `Arrays.binarySearch` நடுப்புள்ளியை `(low + high) / 2` என்றுதான் கணக்கிட்டது. அதை எழுதிய ஜாஷுவா பிளாக்கே 2006இல் அது தப்பு என்று ஊரறிய எழுதினார். சுமார் 9 ஆண்டுகள் அந்தத் தப்பு அங்கேயே கிடந்திருக்கிறது. ஜாவாவின் `int` 2147483647க்கு மேல் போகாது. அரேயில் சுமார் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் `low`, `high` இரண்டையும் கூட்டும்போது அதைத் தாண்டி, கூட்டல் மைனஸில் போய் விழும். `low + (high - low) / 2` என்று எழுதினால் தாண்டாது. பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படி எல்லை இல்லை, ஆகவே அங்கே இந்தக் கவலை வேண்டாம். ஜாவாவிலோ சி பிளஸ் பிளஸிலோ எழுதுகிறீர்கள் என்றால், கூட்டலும் பெருக்கலும் வரும் வரிகளில் ‘எவ்வளவு பெரிதாகலாம்?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு நகருங்கள்.

நம் மீட்டிங் ரூம் கோடிலும் அட்டவணைக்குள் அகப்படாத ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் சின்னத் தப்பு என்று சொன்னது காலி லிஸ்டை. இது தப்புகூட இல்லை, பக்க விளைவு. `intervals.sort()` நமக்குக் கொடுத்த லிஸ்டையே கலைத்து அடுக்கிவிடுகிறது. கொடுத்தவர் தன் லிஸ்டை அதே வரிசையில் இன்னொரு வேலைக்கு வைத்திருந்தால் அவருக்குத்தான் தலைவலி. விடையை மட்டும் பார்க்கும் எந்த டெஸ்டும் இதைக் காட்டாது. `sorted(intervals)` என்று புது லிஸ்ட் எடுத்துக்கொள்ளலாம். அல்லது ‘இது உள்ளீட்டை மாத்திடும், பரவாயில்லையா சார்?’ என்று கேட்டுவிடலாம்.

12. ரன் பட்டன் இருக்கும் எடிட்டர் என்றாலும் ஓர் அட்டவணையாவது போட்டுவிட்டுப் பிறகு அழுத்துங்கள். பட்டன் விடையைச் சொல்லும், எந்த வரியில் எண் கெட்டது என்று சொல்லாது. சிவப்பு வந்ததும் `<`ஐயும் `<=`ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு அழுத்திக்கொண்டே இருப்பவரைப் பார்த்தால், கேட்கிறவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

13. இரண்டே நிமிடம்தான் மிச்சம் என்றால், அழித்து எழுதும் வரிக்கான கேஸை மட்டும் அட்டவணை போட்டு ஓட்டுங்கள். மற்றவற்றை வாயால் சொல்லுங்கள்: ‘காலி லிஸ்ட்டுக்கு ஒரு செக் போடணும், சமமா வந்தா என்னன்னு உங்ககிட்ட கேக்கணும், `sort` உள்ளீட்டை மாத்துது. இதுக்கெல்லாம் டைம் இல்ல.’ நேரம் முடிந்ததும் இந்த மூன்றையும் நான் அப்படியே குறித்துக்கொள்வேன், பார்த்தவர் பெயரோடு.